வீட்டு பக்கத்துல செல்போன் டவரா? தூரம் எங்கிருந்து அளக்கணும்? சம்மதம் யார் தரணும்?

சென்னை:

ராத்திரி 11 மணி. தெரு அடங்கிய நேரம். மினி லாரி ஒன்று முக்கு வீட்டு வாசலில் வந்து நிற்கிறது. இரும்பு ஆங்கிள்களும் நீளமான குழாய்களும் இறங்குகின்றன. "என்னங்க இது?" என்று கேட்டால் வேலையாட்கள் வாய் திறப்பதில்லை. காலையில் எழுந்து பார்த்தால் மொட்டை மாடியில் சிமெண்ட் பீடம் போட்டாகிவிட்டது. "செல்போன் டவர் வருதாம்" என்று தெருவே பரபரக்கிறது.

அடுத்து நடப்பதும் ஊருக்கு ஊர் ஒன்றுதான். பெண்கள் திரண்டு முற்றுகை. போலீஸ் வந்து சமாதானம். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் கூட்டத்தில் மனு. அந்த மனுவில் தவறாமல் 2 வரி இருக்கும். ஒன்று, "வீடுகளில் இருந்து இத்தனை மீட்டர் தள்ளி டவர் இருக்க வேண்டும் என்ற விதியை மீறி கட்டுகிறார்கள்". இன்னொன்று, "பொதுமக்களின் சம்மதம் பெறவில்லை".

பல மனுக்கள் இந்த 2 வரியிலேயே அடிபட்டுப் போகின்றன. காரணம், தூர விதி என்று மக்கள் நினைப்பது ஒன்று, அரசு காகிதத்தில் இருப்பது வேறொன்று. சம்மதமும் அப்படித்தான். அதே நேரத்தில், சரியான இடத்தில் பிடித்தால் டவர் கம்பெனி பதில் சொல்லியே ஆக வேண்டிய விஷயங்களும் உண்டு. அவை மனுவில் பெரும்பாலும் இருப்பதே இல்லை.

ஒரு தெருவை எடுத்துக்கொள்வோம்

புரிவதற்காக ஒரு கற்பனை தெரு. ஆனால் இப்படிப்பட்ட தெரு புறநகரில் எங்கும் உண்டு.

தெருவின் அகலம் 20 அடி. அதாவது 6 மீட்டர். டவர் வரும் முக்கு வீடு தரைதளமும் மேலே 2 மாடியும் கொண்டது. உயரம் சுமார் 10 மீட்டர். அதன் மொட்டை மாடியில் நிற்கும் கம்பங்களில் ஆன்டெனாக்கள். ஆன்டெனாவின் அடிப்பாகம் தரையில் இருந்து 14 மீட்டர் உயரத்தில் இருக்கிறது.

எதிரே தகர ஷீட் போட்ட வீடு. அங்கே இட்லிக்கடை நடத்தும் அக்கா குடும்பம். அந்த வீட்டு உயரம் 4 மீட்டர்தான். முக்கு வீட்டுக்கு பின்பக்கம் 25 மீட்டர் தள்ளி ஒரு பிளாட். கீழே வண்டி நிறுத்தும் இடம், மேலே 4 மாடி. மொத்த உயரம் 15 மீட்டர். 4-வது மாடியில் ஆட்டோ டிரைவர் ஒருவர் குடும்பத்தோடு இருக்கிறார்.

இப்போது கேள்வி. தூர விதியை சொல்லி ஆட்சேபிக்க யாருக்கு நியாயம் அதிகம்? 6 மீட்டரில் இருக்கும் இட்லிக்கடை அக்காவுக்கா? 25 மீட்டரில் இருக்கும் ஆட்டோ டிரைவருக்கா?

தெருவே "அக்காவுக்குத்தான்" என்று சொல்லும். விதிப்படி பார்த்தால் ஆட்டோ டிரைவருக்குத்தான்!

அளப்பது அடியில் இருந்து அல்ல

மத்திய தொலைத்தொடர்பு துறை மாநில அரசுகளுக்கு அனுப்பிய வழிகாட்டுதல் 2013 ஆகஸ்டு 1-ந் தேதி முதல் நடைமுறைக்கு வந்தது. அதில்தான் அந்த தூர பட்டியல் இருக்கிறது. டவர் கால் ஊன்றிய இடத்தில் இருந்து வீட்டு சுவர் வரை டேப் பிடித்து அளக்கும் தூரம் அல்ல அது. ஆன்டெனாவுக்கு நேர் எதிரே, அதே உயரத்துக்கு ஒட்டிய கட்டிடம் எவ்வளவு தள்ளி இருக்க வேண்டும் என்பதுதான் அது.

அந்தப் பட்டியல்படி, ஒரே திசையை பார்த்து ஒரே உயரத்தில் ஒரு ஆன்டெனா இருந்தால் 20 மீட்டர். 2 இருந்தால் 35 மீட்டர். 4 இருந்தால் 45 மீட்டர். 6 இருந்தால் 55 மீட்டர். எண்ணிக்கை கூடக்கூட தூரமும் கூடும். ஒவ்வொரு ஆன்டெனாவும் 20 வாட் முழு சக்தியில் அலை வீசுவதாக வைத்துப் போட்ட கணக்கு இது.

ஏன் இப்படி? மெரினா லைட் ஹவுசை பார்த்தவர்களுக்கு சட்டென்று புரியும். விளக்கின் வெளிச்சம் கடலைப் பார்த்து நேராக போகிறது. லைட் ஹவுஸ் அடியில் சுண்டல் விற்பவர் மேல் அது விழுவதில்லை. செல்போன் ஆன்டெனாவும் ஏறக்குறைய அப்படித்தான். அலை பக்கவாட்டில் அகலமாகவும், மேலும் கீழும் ரொம்ப ஒடுக்கமாகவும் போகும். லேசாக கீழே சாய்த்து வைத்திருப்பார்கள். அந்த முக்கிய அலை தரையைத் தொடுவது பொதுவாக 50 மீட்டரில் இருந்து 300 மீட்டர் தள்ளித்தான். டவருக்கு நேர் கீழே வருவது சிதறிய மிச்சம் மட்டுமே.

தூரம் கூடினால் வீச்சு குறைகிற வேகமும் அதிகம். தூரம் 2 மடங்கானால் வீச்சு கால் பங்காகும். 3 மடங்கானால் ஒன்பதில் ஒரு பங்கு. அதனால்தான் நேர் எதிரே இருப்பவருக்கு சில மீட்டர் கூட பெரிய வித்தியாசம்.

நம்ம தெருவில் கணக்கு என்ன?

இட்லிக்கடை அக்கா வீடு 4 மீட்டர் உயரம். ஆன்டெனா 14 மீட்டரில். அவர் தலைக்கு மேலே 10 மீட்டர் உயரத்தில் அலை தாண்டிப் போகிறது. தூர பட்டியல் அவருக்கு பொருந்தாது. "6 மீட்டர்லயே டவர் இருக்கு" என்று அவர் மனு கொடுத்தால், அதிகாரி "விதிமீறல் இல்லை" என்று எழுதி மூடிவிடுவார்.

பின்னால் உள்ள பிளாட்டின் 4-வது மாடி எங்கே இருக்கிறது? 12 மீட்டரில் தொடங்கி 15 மீட்டரில் முடிகிறது. ஆன்டெனாவின் அடிப்பாகம் 14 மீட்டர். அதாவது ஆட்டோ டிரைவரின் ஜன்னலும் ஆன்டெனாவும் ஏறக்குறைய ஒரே மட்டம்.

பொதுவாக டவரில் ஆன்டெனாக்களை 3 திசைக்கு பிரித்து மாட்டுவார்கள். அதில் ஒரு திசை இந்த பிளாட்டை பார்க்கிறது, அங்கே 2 ஆன்டெனா இருக்கிறது என்றால், தேவையான தூரம் 35 மீட்டர். இருப்பது 25 மீட்டர். ஆட்சேபணைக்கு வலு இருக்கிறது. அந்த திசையில் ஒரே ஒரு ஆன்டெனா என்றால் 20 மீட்டர் போதும். ஆட்சேபணை நிற்காது.

ஆகவே மனு எழுதும் முன் 4 விஷயம் குறித்துக்கொள்ள வேண்டும். ஆன்டெனா எத்தனை? எந்த திசையை பார்க்கிறது? எவ்வளவு உயரத்தில் இருக்கிறது? அதே உயரத்தில் எதிரே எந்த வீட்டு மாடி, எத்தனை மீட்டரில்? டவரில் நீளவாக்கில் பலகை மாதிரி தொங்குவதுதான் அலை வீசும் ஆன்டெனா. முரசு மாதிரி வட்டமாக இருப்பது ஒரு டவரில் இருந்து இன்னொரு டவருக்கு பேசும் மைக்ரோவேவ் கிண்ணம். அது இந்த எண்ணிக்கையில் வராது. 2-யும் சேர்த்து எண்ணிவிட்டு "9 ஆன்டெனா இருக்கு" என்று எழுதுவது வழக்கமாக நடக்கும் தப்பு.

இந்த ஆட்சேபணையால் டவரே போய்விடும் என்றும் சொல்ல முடியாது. கம்பெனி அந்த திசை ஆன்டெனாவை வேறு பக்கம் திருப்பலாம். கம்பத்தை உயர்த்தலாம். ஆட்டோ டிரைவர் குடும்பத்துக்கு பிரச்சினை தீரும். டவர் இருக்கும்.

பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி பக்கம் கூடாதா?

"பள்ளிக்கூடம் பக்கத்துல டவர் வைக்கவே கூடாதுன்னு கோர்ட்டு சொல்லிடுச்சே" என்று பலர் சொல்வதுண்டு. அவர்கள் சொல்வது 2012 நவம்பரில் ராஜஸ்தான் ஐகோர்ட்டு கொடுத்த உத்தரவை. பள்ளி, ஆஸ்பத்திரி, விளையாட்டு மைதானம் பக்கத்தில் உள்ள டவர்களை அகற்றச் சொன்ன உத்தரவு அது. ஆனால் அது ராஜஸ்தான் மாநிலத்தைப் பற்றியது.

மத்திய தொலைத்தொடர்பு துறையின் நிலை வேறு. குடியிருப்பு, பள்ளி, ஆஸ்பத்திரி என்று எந்த இடத்துக்கும் தனித் தடை இல்லை, எங்கே வைத்தாலும் கதிர்வீச்சு வரம்புக்குள் இருக்க வேண்டும் என்பதுதான் பாராளுமன்றத்திலேயே பலமுறை கொடுத்த பதில். எனவே ராஜஸ்தான் உத்தரவை மட்டும் ஜெராக்ஸ் எடுத்து இணைத்தால் இங்கே வேலை நடக்காது.

புற்றுநோய் பயமும் இதே ரகம். உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு பிரிவு 2011 மே மாதம் இந்த ரேடியோ அலைகளை "புற்றுநோய் உண்டாக்க வாய்ப்பு இருக்கலாம்" என்ற 2-பி வரிசையில் சேர்த்தது உண்மை. ஆனால் அதற்கு முக்கிய ஆதாரமாக எடுத்துக்கொண்டது, போனை காதில் வைத்து ரொம்ப நேரம் பேசுகிறவர்களைப் பற்றிய ஆய்வுகளைத்தான். "டவர் வந்தால் கேன்சர் வரும்" என்று நிரூபித்ததாக எழுதினால் முதல் கேள்வியிலேயே மனு தடுமாறும்.

தெருவின் சம்மதமா, மாடியின் சம்மதமா?

அடுத்து சம்மதம். "எங்களை ஒரு வார்த்தை கேட்கலையே" என்பதுதான் மக்களின் பெரிய ஆத்திரம். நியாயமான ஆத்திரம்தான். ஆனால் 2013 வழிகாட்டுதலில் டவர் கம்பெனி கொடுக்க வேண்டிய காகிதங்களின் பட்டியலில் அக்கம்பக்கத்தார் கையெழுத்து என்று ஒன்று இல்லை.

இருப்பது கட்டிட சொந்தக்காரரின் ஆட்சேபணை இல்லா கடிதம் அல்லது ஒப்பந்தம். கூடவே, மொட்டை மாடியில் உரிமை உள்ளவர்களின் சம்மதம். பட்டியலில் கட்சி மாறுவது இந்த கடைசி வார்த்தையில்தான்.

தனி வீடாக, ஒரே ஆள் பெயரில் இருந்தால் அவர் கையெழுத்து போதும். ஆனால் நம்ம ஊரில் எத்தனை வீடு அப்படி? அப்பா காலத்து வீடு. அண்ணன், தம்பி, அக்கா எல்லாருக்கும் பாகம் உண்டு. இன்னும் பிரிக்கவில்லை. கூட்டுப் பட்டா. வீட்டில் குடியிருக்கும் அண்ணன் மட்டும் மாச வாடகைக்கு ஆசைப்பட்டு டவருக்கு கையெழுத்து போட்டுவிடுகிறார். கல்யாணமாகி வெளியூரில் இருக்கும் தங்கைக்கு சேதியே தெரியாது. இங்கே சம்மதம் இல்லை என்ற வாதத்தை தெருவை விட அந்த தங்கை சொன்னால் எடை அதிகம். அவர் பங்குதாரர்.

வாடகைக்கு குடியிருப்பவர்களுக்கு பொதுவாக மாடி உரிமை கிடையாது. வாடகை ஒப்பந்தத்தில் "மொட்டை மாடி உபயோகம் உண்டு" என்று எழுதி இருந்தால் மட்டும் அதை காட்டலாம்.

பிளாட் மாடியில் வந்தால்?

நம்ம கற்பனை தெருவுக்கே திரும்புவோம். முக்கு வீட்டில் எதிர்ப்பு கிளம்பியதும், டவர் ஏஜெண்டு பின்னால் உள்ள பிளாட்டுக்கு போகிறார் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 16 வீடு. சங்க செயலாளரை பார்த்து, "வாடகை பணத்துல லிப்ட், தண்ணி மோட்டார் செலவெல்லாம் பார்த்துக்கலாம் சார்" என்கிறார். செயலாளர் சங்க முத்திரை குத்தி கையெழுத்து போட்டுவிடுகிறார்.

ஆட்டோ டிரைவர் கேட்கிறார்: "ஏன் சார், என் தலைக்கு மேலதானே வருது. என்னை கேட்க வேணாமா?"

கேட்க வேண்டும். 2016-ம் ஆண்டு ரியல் எஸ்டேட் சட்டத்தில் பொதுப் பகுதி எது என்று சொல்லும் இடத்தில் மொட்டை மாடியும் பெயரோடு வருகிறது. பிளாட் வாங்கிய ஒவ்வொருவர் பத்திரத்திலும் பிரிபடாத பாக மனை என்று இத்தனை சதுர அடி போட்டிருக்கும். அந்த மனை போலவே பொதுப் பகுதியும் எல்லாருக்கும் பொது. செயலாளர் சங்கத்தின் ஊழியரே தவிர மாடியின் சொந்தக்காரர் அல்ல.

இந்த இடத்தில் முதலில் பார்க்க வேண்டியது சங்கத்தின் துணை விதி. அடுத்தது மினிட்ஸ் நோட்டு. பொதுக்குழு கூட்டத்துக்கு எல்லாருக்கும் நோட்டீஸ் போனதா? அதில் டவர் விஷயம் எழுதி இருந்ததா? எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை பேர் ஆதரித்தார்கள்? நோட்டில் தீர்மானமே இல்லை என்றால் அந்த கையெழுத்து ஆட்டம் காணும். நோட்டில் உள்ள கையெழுத்தில் ஒன்று, அன்று வெளியூரில் இருந்தவருடையது என்றால் சொல்லவே வேண்டாம்.

இது கலெக்டர் தீர்க்கும் விவகாரம் அல்ல. பங்குதாரர் ஒருவர் சிவில் கோர்ட்டில் தடை உத்தரவு கேட்கலாம். வக்கீல் பீசுக்கு வழி இல்லாதவர்கள் மாவட்ட கோர்ட்டு வளாகத்தில் உள்ள சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்கு போகலாம். பெண்கள், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், தொழிற்சாலை தொழிலாளர்கள் ஆகியோருக்கு அங்கே இலவச வக்கீல் கேட்க சட்டத்தில் உரிமை உண்டு. பீடம் போடும்போதே போவது ஒன்று. டவர் வேலை செய்ய ஆரம்பித்து, ஊரே அதில் பேசத் தொடங்கிய பிறகு போவது வேறொன்று. நாள் தள்ளினால் தடை கிடைப்பது கஷ்டமாகும்.

கட்டிடம் தாங்குமா?

தூரமும் சம்மதமும் பொருந்தாத வீட்டுக்காரர்களுக்கும் பிடி உண்டு. அதில் முதலாவது கட்டிடத்தின் பலம்.

மாடியில் டவர் வைத்தால், அந்த கட்டிடமும் டவரும் எடையை தாங்கும் என்று தகுதி பெற்ற கட்டமைப்பு என்ஜினீயர் சான்று தர வேண்டும். இது வெறும் சம்பிரதாயம் அல்ல. டவர் என்பது எடை மட்டும் இல்லை. புயல் காற்று தள்ளும்போது ஒரு பக்க கால் கட்டிடத்தை அழுத்தும், எதிர் பக்க கால் கட்டிடத்தை இழுக்கும். வர்தா மாதிரி புயலை பார்த்த சென்னைக்காரர்களுக்கு இது புரியும்.

மேஸ்திரி வேலை பார்ப்பவர்கள் கண்ணாலேயே ஒன்றை கவனிக்கலாம். டவரின் கால் கீழே உள்ள தூணுக்கு நேராகவோ, பீம் மேலோ நிற்க வேண்டும். தளத்தின் நடுவில் வெறும் கான்கிரீட் பலகை மேல் நின்றால் சந்தேகம். பீடம் போட்ட பிறகு கீழ் வீட்டு சீலிங்கில் புது விரிசல், நீர்க்கசிவு வந்தாலும் சந்தேகம். உடனே தேதியோடு போட்டோ எடுத்து வைக்க வேண்டும்.

இன்னொரு கேள்வியும் உண்டு. அந்த வீட்டுக்கு எத்தனை மாடிக்கு அனுமதி? ஒரு மாடிக்கு பிளான் வாங்கிவிட்டு 2 மாடி கட்டியவர்கள் ஏராளம். அனுமதி இல்லாத மாடியின் தலையில் டவர் வருகிறது என்றால், அதை மாநகராட்சியிலோ நகராட்சியிலோ தனி புகாராக கொடுக்கலாம்.

10 ரூபாயில் காகிதம் கைக்கு வரும்

இந்த சான்றுகள் இருக்கிறதா இல்லையா என்று எப்படி தெரிந்துகொள்வது? தகவல் உரிமை சட்டம்தான் வழி. 10 ரூபாய் கட்டணம். 30 நாளில் பதில் தர வேண்டும்.

முன்பு டவருக்கு உள்ளாட்சியின் அனுமதி பற்றி பெரிய இழுபறி இருந்தது. 2022 ஆகஸ்டில் மத்திய அரசு விதியை திருத்தியது. தனியார் இடத்தில் டவர் வைக்க உள்ளாட்சியின் அனுமதி தேவை இல்லை, வேலை தொடங்கும் முன் எழுத்து மூலம் தகவல் கொடுத்தால் போதும், அதோடு கட்டிட விவரமும் என்ஜினீயர் சான்றும் இணைக்க வேண்டும் என்றது அந்த திருத்தம். பிறகு 2023-ல் புது தொலைத்தொடர்பு சட்டம் வந்தது. அதன் கீழ் வந்த வழி உரிமை விதிகள் 2025 ஜனவரி 1 முதல் அமலில் உள்ளன. ஆகவே "மாநகராட்சி அனுமதி வாங்கலை, அதனால் சட்டவிரோதம்" என்ற பழைய வாதம் இப்போது முன்பு போல எடுபடாது.

அதனால் தகவல் உரிமை மனுவில் கேள்வியை மாற்றிக் கேட்க வேண்டும். "இந்த கதவு எண் கட்டிடத்தில் டவர் அமைப்பது பற்றி கம்பெனியிடம் இருந்து தகவல் வந்ததா? எந்த தேதியில்? எந்த விதியின் கீழ்? இணைத்த என்ஜினீயர் சான்றின் நகல் வேண்டும். அந்த கட்டிடத்தின் அனுமதி பெற்ற பிளான் நகல் வேண்டும்". இந்த 5 கேள்வி போதும். "அப்படி எதுவும் வரவில்லை" என்று பதில் வந்தால், அந்த ஒரு வரியே பெரிய ஆயுதம்.

ஜெனரேட்டர் சத்தம்

அலை கண்ணுக்கு தெரியாது. ஆனால் டவர் பக்கத்தில் குடியிருப்பவர்களை தினசரி வதைப்பது பெரும்பாலும் அலை அல்ல, ஜெனரேட்டர். கரண்டு போனால் டமடமவென்று ஓடும். டீசல் புகை ஜன்னலுக்குள் வரும். கைக்குழந்தை தூங்காது.

இதில் விதி தெளிவாக இருக்கிறது. குடியிருப்பு பகுதியில் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை சத்த அளவு 45 டெசிபல், பகலில் 55 டெசிபல் என்கிறது 2000-ம் ஆண்டு ஒலி மாசு விதி. ஜெனரேட்டர் சத்தம் அடக்கும் கூண்டுக்குள் இருக்க வேண்டும். கூண்டில் இருந்து ஒரு மீட்டரில் 75 டெசிபலை தாண்டக்கூடாது.

புகைக்குழாய்க்கும் கணக்கு உண்டு: H = h + 0.2 × √KVA. இதில் h என்பது கட்டிடத்தின் உயரம். 25 கே.வி.ஏ. ஜெனரேட்டர் என்றால், 25-ன் வர்க்கமூலம் 5. அதை 0.2-ஆல் பெருக்கினால் 1. அதாவது குழாய் கட்டிடத்தை விட ஒரு மீட்டர் உயரமாக இருக்க வேண்டும். பல இடங்களில் குழாய் பக்கத்து வீட்டு ஜன்னலை பார்த்து முடிகிறது. நம்ம இட்லிக்கடை அக்காவுக்கு தூர பட்டியல் கை கொடுக்கவில்லை. ஆனால் ஜெனரேட்டர் அவர் வீட்டை பார்த்து புகை விட்டால், மாசுக்கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகத்தில் அவர் கொடுக்கும் புகாருக்கு உயிர் இருக்கிறது. எந்த தேதி, எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை ஓடியது என்று ஒரு நோட்டில் 15 நாள் எழுதி வைத்து அதையும் இணைத்தால் இன்னும் நல்லது.

கதிர்வீச்சை அளக்கச் சொல்லலாம்

பேச்சுக்கு பேச்சு வாதாடுவதை விட மீட்டர் வைத்து அளப்பது மேல். சர்வதேச அளவில் வைத்திருந்த வரம்பை இந்தியா 2012 செப்டம்பர் 1-ந் தேதி முதல் பத்தில் ஒரு பங்காக குறைத்தது. அதன்படி 900 மெகாஹெர்ட்ஸ் அலைக்கு ஒரு சதுர மீட்டருக்கு 0.45 வாட் என்ற அளவு வந்தது. வரம்பு மீறினால் அபராதம் ஒரு டவருக்கு 10 லட்சம் ரூபாய் என்று 2013-ல் உயர்த்தப்பட்டது.

2017 மே மாதம் மத்திய அரசு "தரங் சஞ்சார்" என்ற இணையதளத்தை தொடங்கியது. முகவரி tarangsanchar.gov.in. பக்கத்தில் உள்ள டவர்கள் எவை, அவை விதிக்கு உட்பட்டவையா என்று அதில் பார்க்கலாம். நம்ம வீட்டிலேயே வந்து அளக்கச் சொல்லியும் கேட்கலாம். இதற்கு 4 ஆயிரம் ரூபாய் கட்டணம் என்று அப்போது அறிவித்தார்கள். ஒரு ஆளுக்கு பெரிய தொகைதான். 20 வீடு சேர்ந்தால் வீட்டுக்கு 200 ரூபாய்.

அளக்கும்போது எங்கே நிற்பது என்பது முக்கியம். டவர் அடியில் நின்று அளந்தால் குறைவாகத்தான் காட்டும். ஆட்டோ டிரைவரின் 4-வது மாடி ஜன்னல், பால்கனி, பிளாட்டின் மொட்டை மாடி ஆகிய இடங்களில் அளக்கச் சொல்ல வேண்டும். மத்தியானம் ஊர் வேலைக்கு போன நேரத்தை விட, எல்லாரும் வீடு திரும்பி போனில் இருக்கும் சாயங்கால நேரத்தில் டவருக்கு வேலை அதிகம். அந்த நேரத்தை கேட்டுப் பார்க்கலாம்.

ஒன்றை முன்கூட்டியே மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். அளந்த இடங்களில் பெரும்பாலும் வரம்புக்கு ரொம்ப கீழேதான் காட்டுகிறது. அப்படி வந்தால் கதிர்வீச்சு வாதம் அத்தோடு முடிந்தது. அறிக்கை கம்பெனிக்கு சாதகமாக போய்விடும். ஆனால் பிள்ளைகளை வைத்துக்கொண்டு தினம் பயந்து கிடப்பவர்களுக்கு அந்த எண் ஒரு நிம்மதியும் கூட.

மனுவை எப்படி எழுதணும்?

நம்ம தெரு மக்கள் இப்போது மறுபடி மனு எழுதுகிறார்கள். முதல் மனுவில் "தூர விதி மீறல், பொதுமக்கள் சம்மதம் இல்லை, கேன்சர் வரும்" என்று 100 பேர் கையெழுத்து போட்டிருந்தார்கள். இந்த முறை ஒரே மனுவாக போடாமல் 4 பேர் 4 இடத்தில் கொடுக்கிறார்கள்.

ஆட்டோ டிரைவர், தன் ஜன்னல் உயரம், ஆன்டெனா உயரம், 25 மீட்டர் தூரம், தன்னை பார்க்கும் 2 ஆன்டெனா என்று படம் வரைந்து, தொலைத்தொடர்பு துறையின் சென்னை அலுவலகத்துக்கு அனுப்புகிறார். இதை pgportal.gov.in வழியாகவும் அனுப்பலாம். முக்கு வீட்டுக்காரரின் தங்கை, பாகம் பிரிக்காத சொத்து என்று கம்பெனிக்கு வக்கீல் நோட்டீஸ் விடுகிறார். மேஸ்திரி ஒருவர், பீடம் தூண் மேல் இல்லை என்ற போட்டோவோடு என்ஜினீயர் சான்று கேட்டு உள்ளாட்சிக்கு மனு போடுகிறார். இட்லிக்கடை அக்கா ஜெனரேட்டர் நோட்டோடு மாசுக்கட்டுப்பாட்டு வாரியத்துக்கு போகிறார். கலெக்டருக்கு இந்த நான்கின் நகலும் போகிறது.

இதில் எல்லாமே ஜெயிக்கும் என்று இல்லை. கம்பெனியிடம் சான்று சரியாக இருந்தால், கையெழுத்து முறையாக இருந்தால், அளவு வரம்புக்குள் இருந்தால் டவர் நிற்கத்தான் செய்யும். ஆனால் அப்போதும் ஆன்டெனா ஜன்னலை விட்டுத் திரும்பும். ஜெனரேட்டருக்கு கூண்டு வரும். புகைக்குழாய் மேலே ஏறும்.

ஒன்றை மட்டும் செய்யக்கூடாது. ஆத்திரத்தில் கேபிளை அறுப்பது, இரும்பை உருட்டி விடுவது. அந்த நிமிடத்தில் இருந்து வழக்கு கம்பெனி மேல் இருக்காது, தெரு மக்கள் மேல் திரும்பிவிடும். சான்று இல்லாமல் கட்டியவர் வாதியாகி, தூக்கம் கெட்டவர் ஸ்டேஷன் வாசலில் நிற்க வேண்டி வரும்.

ராத்திரி லாரி வந்தால் கையில் எடுக்க வேண்டியது செல்போன்தான். வண்டி நம்பர், இறங்கிய இரும்பு, போடும் பீடம் எல்லாவற்றையும் தேதி நேரத்தோடு போட்டோ எடுத்து வையுங்கள். மறுநாள் காலை முதல் வேலை, 10 ரூபாய் தகவல் உரிமை மனு.